வங்கிக்குள் ஒரு கதிரை

வவுனியா கடைவீதியில் இருந்த அந்த வங்கிக்குள் கணபதிக்கென்று ஒரு கதிரை இருந்தது. கவுண்டருக்கு முன்னால் சனம் வரிசையில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருக்கும். கணபதி கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால் போதும், மனேச்சர் கனகலிங்கம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து கையைக் காட்டுவார்.

"வாங்கோ ஐயா, உள்ளுக்கு வந்து இருங்கோ."

கணபதி உடனே போய்விட மாட்டார். வரிசையில் நிற்கிறவர்கள் ஒரு தடவை திரும்பிப் பார்க்கட்டும் என்று, செருப்பைத் தட்டுவதுபோல வாசலில் கொஞ்சம் சுணங்குவார். பிறகுதான் உள்ளே போய் மனேச்சரின் மேசைக்கு எதிரே, மின்விசிறிக்கு நேர் கீழே கிடக்கிற அந்தக் கதிரையில் முதுகு படாமல் அமர்வார். சங்கத்து வங்கிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "ஓம்", "ஓம் ஐயா" என்று வவுனியாப் பேச்சில் பேசுவார். நெளுக்குளத்துக்குத் திரும்பி வந்து சைக்கிளைச் சாத்தியதும் அந்த "ஓம்" மறுபடி "ஆமா" ஆகிவிடும்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கணபதியின் தகப்பன் எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு ஓடிவந்து, நெளுக்குளத்துப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர். கணபதி அந்த மண்ணில் முப்பது வருசம் நெல் விதைத்து அறுத்தாயிற்று. ஆனாலும் டவுனில் ஒரு கடைக்காரன் மீதிக் காசைக் கையில் கொடுக்காமல் மேசையில் எறிந்தால், அது எதற்கென்று அவருக்குத் தெரியும். "தோட்டக்காட்டான்" என்ற சொல்லை முதுகுக்குப் பின்னால் எத்தனையோ தடவை கேட்டவர். அப்படிப்பட்டவரை வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனேச்சர் கை காட்டி உள்ளே கூப்பிட்டால், நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தானே செய்யும்?

ஏன் கூப்பிடுகிறார் என்பதிலும் கணபதிக்குச் சந்தேகம் இருக்கவில்லை. எல்லாம் காசுதான்.

காசு அவருடையது அல்ல. குடியேற்றத்து மரண சகாய சங்கத்துடையது. அவர் பொருளாளர். நூற்றைம்பது வீடுகள், வீட்டுக்கு மாதம் ஐம்பது ரூபாய். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அன்றைக்கே பதினைந்தாயிரம் கையில் கொடுக்க வேண்டும். சந்தா வந்த வழியே சாவுக்குப் போய்விடும். அதுபோக, சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் ஒரு வெளிநாட்டு நிறுவனம் சங்கத்துக்கு ஆறு இலட்சம் ரூபாய் மூலதனமாகக் கொடுத்திருந்தது. கொடுத்தபோதே ஒரு கட்டுப்பாடும் போட்டார்கள்: அந்த முதல் தொகையில் கை வைக்கக் கூடாது, உதவித் தொகையைக் கூட்டுவதென்றால் வட்டியில் இருந்துதான் கூட்ட வேண்டும்.

வயலில் மண்வெட்டி பட்ட காலில் கட்டோடு, அந்தக் காசோலையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கணபதி முதன்முதலாக அந்த வங்கிக்குப் போனார். அன்றைக்குத்தான் மனேச்சர் முதன்முதலாக அவரை உள்ளே கூப்பிட்டார். ஆறு இலட்சமும் சேமிப்புக் கணக்கில் போய் விழுந்தது. அங்கேயே கிடந்தது. நூற்றுக்கு ஐந்து வீதம் வட்டி, வருசத்துக்கு முப்பதாயிரம். செத்த வீடுகளுக்குப் பந்தல், கதிரை, லைட் வாடகை கொடுக்கவே அது சரி.

இரண்டாயிரத்து ஏழு தைப் பொங்கல் கழிந்து ஒரு நாள், மனேச்சர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். வைப்புகளைப் பார்க்கிற றிஸ்பா என்ற பிள்ளை எழுந்து வந்து அவருக்கு எதிரே அமர்ந்தாள். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தோடு முல்லைத்தீவிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்து, படித்து, வவுனியாவுக்கு வேலைக்கு வந்தவள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"ஐயா, உங்கட சங்கத்துக் காசு சும்மா கிடந்து தேயுது."

கணபதிக்குச் சுருக்கென்றது. "தேயுறதோ? புத்தகத்திலை ஏறிக்கொண்டுதானே பிள்ளை இருக்கு."

"இலக்கம் ஏறுது. சாமான் விலை அதைவிட வேகமா ஏறுது. நாங்கள் தாறது அஞ்சு வீதம். கடையிலை விலை பதினஞ்சு வீதத்துக்கு மேலை ஏறிக் கிடக்கு. நூறு ரூபாய்க்குப் போன வருசம் வாங்கின சாமானை இந்த வருசம் நூற்றியஞ்சுக்கு வாங்க ஏலுமோ சொல்லுங்கோ."

ஏலாதுதான். மாவும் மண்ணெண்ணெயும் விற்கிற விலை அவருக்குத் தெரியாததா?

"ஒரு வருச நிலையான வைப்பிலை போட்டால் இப்ப பதினஞ்சு வீதம் தாறம்," என்றாள் றிஸ்பா.

"அது கட்டிப்போட்ட காசு. சாவு சொல்லிப்போட்டோ வரும்? அவசரத்துக்கு எடுக்க வேணும்."

"அதுக்குத்தான் ஒரு வழி இருக்கு. சேமிப்புக் கணக்கையும் வைப்பையும் ஒண்டோட ஒண்டு இணைச்சு விடலாம். கணக்கிலை ஒரு இலட்சம் எப்பவும் கையிருப்பா நிற்கட்டும். அதுக்கு மேலை உள்ளது இருபத்தையாயிரம் இருபத்தையாயிரமாத் தானாவே ஒரு வருச வைப்புக்குப் போகும். நீங்கள் ஒவ்வொரு முறையும் வந்து கையெழுத்து வைக்கத் தேவையில்லை."

"திருப்பி எடுக்க?"

"வழக்கமா எடுக்கிற மாதிரித்தான். முதல்லை கையிருப்பிலை இருந்து எடுபடும். அது போதாட்டி, கடைசியாப் போன துண்டு தானா உடைஞ்சு கணக்குக்கு வரும். உடைஞ்ச அந்தத் துண்டுக்கு மட்டும் வட்டி குறையும், சேமிப்பு வட்டி அளவுக்குத்தான் கிடைக்கும். மற்றத் துண்டுகள் பதினஞ்சு வீதத்திலையே அப்பிடியே நிற்கும்." அவள் கணிப்பானைத் தட்டித் திருப்பிக் காட்டினாள். "அஞ்சு இலட்சத்துக்குப் பத்து வீதம் கூட. வருசத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் ஐயா."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கணபதிக்கு விளங்கவில்லை என்று யாரும் அவருக்காகப் பரிந்து பேச வர வேண்டாம். நன்றாகவே விளங்கியது. ஒவ்வொரு போகமும் விதைநெல்லுக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, விற்க இவ்வளவு என்று மூட்டைகளைப் பிரித்து அடுக்குகிற மனுசனுக்கு இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? வருசத்துக்கு ஐந்து சாவு என்று வைத்தால் வீட்டுக்குப் பத்தாயிரம் கூடக் கொடுக்கலாம் என்ற கணக்குக்கூட, அவள் கணிப்பானைக் கீழே வைக்கும் முன்னரே அவர் மனதில் ஓடி முடிந்துவிட்டது.

ஆனால் கூடவே இன்னொன்றும் ஓடியது. கணக்கில் ஆறு இலட்சம் நிற்கிற வரைக்கும்தான் இந்தக் கதிரை. நாளைக்கு மனேச்சர் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் ஒரு இலட்சம்தான் தெரியும். அதோடு, மலிவு வட்டிக்குக் கிடந்த காசை இவன் கூடின வட்டிக்கு மாற்றிவிட்டான் என்று மனுசன் முகம் கோணுவார். அடுத்த தடவை கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால், தலையை உயர்த்திப் பார்க்காமல் இருந்துவிட்டால்?

"கமிட்டியிலை கதைச்சுப்போட்டுச் சொல்லுறன் பிள்ளை," என்று எழுந்து வந்துவிட்டார்.

கமிட்டியில் அவர் கதைக்கத் தேவையே வரவில்லை. ராசுதான் கேட்டான். ராசு கணபதியின் பக்கத்து வயல்காரன். தண்ணீர் பாய்ச்சவும் பன்றி விரட்டவும் பங்குக் காவல் இருப்பவன். சின்ன வயதில் இருந்து ஒருவரையொருவர் வாடா போடா என்றே அழைத்துப் பழக்கம். முன்பள்ளிக் கட்டடத்தில் கூட்டம் முடிகிற நேரத்தில் அவன் எழுந்து நின்றான்.

"பதினஞ்சாயிரம் இப்ப பத்தலைப்பா. பெட்டி விலையே அதைத் தாண்டிரும் போல இருக்கு. கணபதி, பேங்குல ஏதோ கூடுன வட்டிக் கணக்கு இருக்காமே? நம்ம காச அதுல போட முடியாதா?"

எல்லாரும் கணபதியைப் பார்த்தார்கள். றிஸ்பா சொன்னதை அப்படியே ஒப்பித்திருந்தால் ஐந்து நிமிசத்தில் முடிந்திருக்கும்.

"கேட்டுப் பாத்தேன். அது பூட்டி வைக்கிற காசு. வருசம் முடியிற வரைக்கும் எடுக்க வுடமாட்டாங்க. சாவு வுழுந்தா பொணத்த வச்சுக்கிட்டு பேங்கு வாசல்ல நிக்கிறதா?"

இதைவிடப் பொருத்தமான பொய்யை அந்தச் சனத்துக்குச் சொல்லியிருக்க முடியாது. எழுபத்தேழிலும் எண்பத்து மூன்றிலும் அதற்குப் பிறகும், போட்டது போட்டபடி மூட்டை தூக்கி ஓடிப் பழகியவர்கள். கை நீட்டினால் எட்டுகிற காசுதான் அவர்களுக்குக் காசு. பூட்டு என்ற சொல்லைக் கேட்டதுமே பாதித் தலைகள் அசைந்துவிட்டன.

ராசுவும் தலையை ஆட்டினான். "அப்ப வேணாம்ப்பா. இவன் எப்பவும் பேங்குக்குள்ளயே போய் வர்ற ஆளு, இவனுக்குத் தெரியாததா," என்று சொல்லி உட்கார்ந்தான். அதற்குப் பிறகு வேறு யாராவது அந்தப் பேச்சை எடுத்தாலும் ராசுதான் முந்திக்கொண்டு மறுத்தான். அந்த மறுப்பைக் கேட்கும்போதெல்லாம் கணபதி வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

அடுத்த வருசம் ஆடி மாதத்தில், வயலில் இருந்து வந்த ராசு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த மறுநாள் உயிர் போய்விட்டது.

சாவுக்குக் கொடுக்கிற பதினைந்தாயிரம் கணபதியின் வீட்டு அலுமாரியில் எப்போதும் தயாராக இருக்கும். கொடுத்துவிட்டுப் பிறகு வங்கியில் எடுத்து நிரப்பி வைப்பதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை நினைத்தால், அவசரத்துக்குக் காசு வேண்டும் என்று அவர் சொன்ன நியாயமும் எவ்வளவு ஓட்டை என்று தெரியும். காசை எடுத்துக்கொண்டு, சவப்பெட்டி விற்கிற மலர்ச்சாலைக்கு ஓடினார். ராசுவின் பெண்சாதி வீரம்மாவும், சங்கத் தலைவர் செல்வநாயகமும் அங்கே நின்றார்கள்.

மலர்ச்சாலைக்காரர் நல்ல மனுசன்தான். ஆனால் கணக்கு கணக்குத்தான். ஆகக் குறைந்த பெட்டி, உடலைப் பதப்படுத்துகிற கூலி, வான் வாடகை எல்லாம் சேர்த்து முப்பத்திரண்டாயிரம்.

"மூண்டு மாசத்துக்கு ஒருக்காப் பலகை விலை ஏறுது. டீசலும் ஏறிப்போச்சு. நான் என்ன செய்ய?" என்றார். "மிச்சத்தையும் கட்டினால் இப்பவே வானிலை ஏத்தி விடுவன்."

வீரம்மா கணபதி கொடுத்த பதினைந்தாயிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் ஏதோ வரப்போகிறது என்பதுபோல அவரையே பார்த்தாள். வாய் திறந்து கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

"சங்கத்துல இன்னும் கொஞ்சம்…" என்று கணபதி வாயைத் திறந்தார்.

"எப்பிடிக் குடுக்கிறது?" என்றார் செல்வநாயகம் தணிந்த குரலில். "போன மாசம் செத்த வீட்டுக்கும் பதினஞ்சுதான் குடுத்தோம். முதல் காசுல கை வைக்க முடியாது. வட்டி பந்தலுக்கே போயிருச்சு. ஒனக்குத் தெரியாததா கணபதி?"

தெரியும். கணபதிக்கு எல்லாம் தெரியும். அன்றைக்கே அந்தக் கணக்கை இணைத்திருந்தால் இன்றைக்குப் பதினைந்துக்குப் பதில் இருபத்தைந்து கொடுத்திருக்கலாம். மிச்சம் ஏழாயிரம். அதை அக்கம்பக்கத்தில் கைமாற்றாகவே புரட்டியிருக்கலாம். அது அவருக்குத் தெரியும் என்பது மட்டும்தான் அங்கே நின்ற மற்றவர்களுக்குத் தெரியாது.

வீரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மாட்டக் குடுத்துர்றேன்," என்றாள்.

அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு கறவைப் பசு. சந்தித் தேத்தண்ணிக் கடைக்கு அந்தப் பால்தான் போய்க்கொண்டிருந்தது. ராசு போன பிறகு அவள் கைக்கு வரக்கூடிய காசும் அது ஒன்றுதான். தகவல் போனதும் மாட்டு வியாபாரி வந்துவிட்டான். சாவு வீட்டில் விலை பேசுகிறவனுக்கு எப்போதும் கை ஓங்கித்தான் இருக்கும். இருபத்தையாயிரம் போகக்கூடிய மாட்டுக்குச் சரியாகப் பதினேழாயிரம் வைத்தான். பசுவை அவிழ்த்துக்கொண்டு போகும்போது கன்று வேலிக்குள் நின்று கத்தியது. வாடகைக் கதிரைகளைப் பந்தலுக்குள் விரித்துப் போட்டுக்கொண்டிருந்த கணபதி, கையில் இருந்த கதிரையை அப்படியே போட்டுவிட்டு வீட்டின் பின்பக்கம் போய் நின்றார். அவருக்கு வந்தது அழுகை அல்ல, வெட்கம். தன் முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற வெட்கம்.

பெட்டியைத் தூக்கும்போது முன்பக்கம் தோள் கொடுக்கச் சொல்லி அவரைத்தான் கூப்பிட்டார்கள். கூட்டாளியாயிற்றே. போனார்.

காடாத்துச் சடங்கு முடிந்ததும் கணபதி வங்கிக்குப் போனார். வழியில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, பலகாலம் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். வங்கிக் கதவைத் தள்ளி நுழைந்ததும், உள்ளே பார்க்காமல், நேராக வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

"ஐயா, என்ன அங்கை நிக்கிறியள்? வாங்கோ, வந்து இருங்கோ," என்று மனேச்சர் எழுந்தே வந்துவிட்டார்.

கணபதி போய் அமர்ந்தார். அமர்ந்ததும், எங்கே மனம் மாறிவிடுமோ என்று பயந்தவர்போல ஒரே மூச்சில் சொன்னார். "ஐயா, சங்கத்துக் காசு முழுக்கச் சேமிப்பிலை கிடக்கு. ஒரு இலட்சத்தை விட்டிட்டு மிச்சத்தை வைப்போட இணைச்சுவிட வேணும். உங்களுக்கு மனவருத்தம் எண்டாலும் என்ன செய்ய, சனத்தின்ர காசு."

கனகலிங்கம் அவரை விளங்காமல் பார்த்தார். "எனக்கு என்னத்துக்கு மனவருத்தம்? போன வருசம் நான்தானே றிஸ்பாவை உங்களிட்டைச் சொல்லச் சொல்லி விட்டனான்."

"நீங்களோ?"

"ஓம். சாவுக்குக் குடுக்கிற காசு இப்பிடிச் சும்மா கிடக்கக் கூடாதெண்டு சொல்லி விட்டன். கமிட்டியிலை கதைச்சுச் சொல்லுறன் எண்டு நீங்கள் போனதா அந்தப் பிள்ளை சொன்னா. பிறகு ஒரு பதிலையும் காணேல்லை. உங்கட ஆக்களுக்கு விருப்பமில்லையாக்கும் எண்டு நானும் விட்டிட்டன்."

கணபதிக்குக் கேட்டே தீர வேண்டியிருந்தது. இவ்வளவு நாளும் நெஞ்சில் வைத்துப் பூட்டியிருந்ததை மெல்ல வெளியே எடுத்தார்.

"கணக்கிலை ஆறு இலட்சம் கிடக்கிறபடியாத்தான் நீங்கள் என்னை உள்ளுக்குக் கூப்பிட்டு இருத்துறியள் எண்டு நினைச்சனான்."

மனேச்சர் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பில்லை. "காசைப் பாத்துக் கதிரை குடுக்கிறதெண்டால் ஆறு இலட்சத்துக்கு ஆர் குடுக்கப் போகினம்? டவுன் யாவாரிமாரின்ர கணக்கை நீங்கள் பாத்ததில்லை. நீங்கள் முதல் வந்த அண்டைக்குக் காலிலை பெரிய கட்டு. இரத்தம் கசிய நொண்டிக்கொண்டு வரிசையிலை நிண்டியள். பாவமா இருந்தது, கூப்பிட்டு இருத்தினன். பிறகு அது அப்பிடியே பழகிப்போச்சு. வயசான மனுசன், சைக்கிளிலை அவ்வளவு தூரம் மிதிச்சு வாறியள்."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கணபதிக்கு வியர்த்துக் கொட்டியது. கால்! அந்தக் காயம் ஆறித் தழும்பும் மறைந்துபோயிருந்தது. அவருக்கு அது நினைவிலேயே இல்லை. இல்லாத ஒரு விலையைத் தானே நினைத்துக்கொண்டு, அடுத்தவர் காசில் அதைக் கட்டியிருக்கிறார். கட்டாமலே விட்டிருந்தாலும் கதிரை கிடைத்திருக்கும்.

றிஸ்பா படிவங்களை எடுத்து வந்தாள். ஒரு வருச வட்டி போனதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. "சங்கக் கணக்கு எண்டபடியால் பொதுக்கூட்டத் தீர்மானம் வேணும் ஐயா. தலைவரும் செயலாளரும் கையெழுத்து வைக்க வேணும். காசு எப்பிடிப் போகும், எப்பிடி வரும் எண்டதை அங்கத்தவருக்கு விளங்கப்படுத்தித் தீர்மானம் எடுங்கோ."

விளங்கப்படுத்த வேண்டும். கணபதி படிவத்தை மடித்துப் பையில் வைத்தார்.

அன்றிரவு பெண்சாதி அமராவதியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இப்ப கூட்டத்துல என்னா சொல்லப் போறீங்க?"

"புதுசா வந்த திட்டம்னு சொல்லலாம். யாருக்கு என்னா தெரியும்?"

"சொல்லலாந்தான்," என்றாள் அமராவதி. "அப்புறம் வீரம்மா கன்னுக்குட்டிக்குப் புல்லறுக்க நம்ம வரப்புக்கு வருவா. நீங்க எந்தப் பக்கம் பாப்பீங்க?"

கணபதி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். முன்பள்ளிக் கட்டடத்தில் பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளை ஓரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். பொருளாளருக்கு மட்டும் வழக்கம்போல ஒரு பெரிய கதிரை போட்டிருந்தது. ராசுவின் அங்கத்துவம் இனி வீரம்மாவுக்கு. அவள் வெறுங்கழுத்தோடு சுவரோரம் வந்து உட்கார்ந்திருந்தாள்.

கணபதி கதிரையில் அமராமல் நின்றபடியே பேசினார். ஒரு இலட்சம் கையிருப்பு, அதற்கு மேலே உள்ளது துண்டு துண்டாக வைப்புக்குப் போவது, தேவை வந்தால் கடைசித் துண்டு மட்டும் உடைந்து திரும்பி வருவது என்று றிஸ்பா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல முகங்கள் தெளிந்தன. ஒரு மூட்டையைப் பிரித்தால் மற்ற மூட்டைகள் அப்படியே நிற்கும் என்று அவர் சொன்னபோது, பின்னால் இருந்த ஒருவர், "அப்பிடின்னா நல்ல வெசயந்தானே," என்றார்.

செல்வநாயகம் புருவத்தைச் சுருக்கினார். "போன வருசம் நம்ம ராசு இதத்தானே கேட்டான்? பூட்டி வைக்கிற காசு, எடுக்க வுடமாட்டாங்கன்னு நீ சொன்னியே. இது இப்ப புதுசா வந்த திட்டமா?"

சொல்ல வேண்டிய பொய்யைத் தலைவரே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். ஆமா என்ற ஒரு சொல் போதும். கணபதி சுவரோரம் பார்த்தார். வீரம்மா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மலர்ச்சாலையில் பார்த்ததுபோலவே.

"புதுசு இல்ல," என்றார். "போன வருசமே இருந்துச்சு. ராசு கேக்கும்போதே எனக்குத் தெரியும். நான் பொய் சொன்னேன்."

பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"காசு கொறைஞ்சா மனேச்சர் உள்ள கூப்பிட்டு உக்கார வைக்க மாட்டாருன்னு நெனச்சேன். அந்த நாற்காலி போயிருமேன்னு பயந்தேன். அதுக்காகத்தான். வருசத்துக்கு அம்பதாயிரம் போயிருச்சு. அது இருந்திருந்தா ராசுவுக்கு இருபத்தஞ்சு குடுத்திருக்கலாம். வீரம்மா மாட்ட வித்திருக்கத் தேவையில்ல." செல்வநாயகத்தின் பக்கம் திரும்பினார். "இனி நான் பொருளாளரா இருக்கிறது சரியில்ல. வேற ஆளப் போடுங்க. மாட்டுக் காச நான் அடுத்த போகத்துல கட்டிர்றேன்."

பிறகு வந்தது சத்தம். ஒரு நாற்காலிக்காகவா என்று ஒருவர் கத்தினார். இவனை நம்பித்தானே காசைக் கொடுத்தோம் என்றார் இன்னொருவர். ராசுவுக்கு முந்தின மாசம் தகப்பனைப் புதைத்த பொடியன் ஒருவன் எழுந்து வெளியே போய்விட்டான். கணபதி தலை குனிந்து நின்றார். அத்தனையும் சரி என்றே அவருக்குப் பட்டது. இன்னும் இரண்டு வார்த்தை கூடத் திட்டினால் ஆறுதலாக இருக்கும் போலவும் இருந்தது.

வீரம்மா எழுந்தாள். சத்தம் அடங்கியது.

"அவரு அந்த நாற்காலியப் பத்தி அடிக்கடி வூட்டுல வந்து சொல்லுவாரு," என்றாள். யாரையும் பார்க்காமல், பாயைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "ஒரு நாளு ஒரம் வாங்க டவுனுக்குப் போனப்ப கண்ணாடி வழியாப் பாத்தாராம். 'நம்ம கணபதிய உள்ள உக்கார வச்சிருக்காங்க புள்ள, காத்தாடிக்குக் கீழ, தொரை மாதிரி உக்காந்திருக்கான்'னு அன்னிக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டிலுக்காரங்க கிட்டகூட அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு. எங்க ஆளு ஒருத்தன் பேங்குக்குள்ள நாற்காலி போட்டு உக்காருறான்னு."

கணபதி சுவரைப் பிடித்துக்கொண்டார். திட்டு எதையும் தாங்கியவருக்கு இதைத் தாங்க முடியவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால் வாய்விட்டு அழுதார்.

வீரம்மா அவர் அழுது முடியும்வரை பொறுத்திருந்தாள். பிறகு முதன்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"வேற ஆளப் போட வேணாம். நீதான் போகணும். அந்த நாற்காலிய வுட்றாத அண்ணே. அதுக்கு நான் என் மாட்டக் குடுத்திருக்கேன்."

தீர்மானம் நிறைவேறியது. அடுத்த கிழமை கணபதி கையெழுத்துகள் வைத்த படிவத்தோடு வங்கிக்குப் போனார். வரிசையின் கடைசியில் நிற்கத்தான் நினைத்தார். ஆனால் மனேச்சர், "வாங்கோ ஐயா, இருங்கோ," என்று கூப்பிட்டதும் மறுக்கவில்லை. செருப்பைத் தட்டாமல், யாரையும் திரும்பிப் பார்க்க விடாமல் விறுவிறென்று உள்ளே போய், மின்விசிறிக்குக் கீழே கிடந்த அந்தக் கதிரையில் அமர்ந்தார். றிஸ்பா வேலையை முடிக்கும்வரை அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.